கூரை சோலார்: மூன்று சப்ளையர்களின் ஸ்லைடுகளை ஒரே மதிப்பெண் அட்டவணைக்குள் கொண்டுவருவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், கோவைப் பகுதித் தொழிற்கூடங்களில் கூரை சோலார் வாங்க முடிவெடுக்கும் குழுக்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா பதில்களிலும் ஒரே உதாரணம்தான் வருகிறது: தகரக் கூரை போட்ட ஒரு பனியன் தொழிற்சாலை, அதற்கு வந்த மூன்று சப்ளையர்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. கணக்குப் போடும் முறை அப்படியே உங்கள் இடத்துக்கும் பொருந்தும்.

மூன்று பேரும் 500 கிலோவாட் என்றுதான் சொல்கிறார்கள். பிறகு ஏன் விலை 2 கோடியிலிருந்து 2.46 கோடி வரை போகிறது?

மூவரும் ஒரே 500-ஐச் சொல்லவில்லை. சோலார் நிலையத்துக்கு இரண்டு அளவுகள் உண்டு. கூரையில் இருக்கும் பேனல்களின் மொத்தத் திறன் ஒன்று. அது டிசி அளவு, கிலோவாட் பீக் என்று எழுதுவார்கள். பேனல் மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர்களின் திறன் மற்றொன்று. அது ஏசி அளவு. பேனல் திறனை இன்வெர்ட்டர் திறனைவிட 20, 25 சதவீதம் கூடுதலாக வைப்பது வழக்கம். உச்சி வெயில் நேரம் தவிர மற்ற வேளைகளில் பேனல் முழுத்திறனைத் தருவதில்லை என்பதால் அதில் தவறில்லை.

நம் உதாரணத்தில் முதல் சப்ளையரின் 500 என்பது பேனல் திறன். இன்வெர்ட்டர் 400 கிலோவாட்தான். இரண்டாமவரின் 500 என்பது இன்வெர்ட்டர் திறன்; பேனல் 600 கிலோவாட் பீக். மூன்றாமவரின் 500 மறுபடியும் பேனல் திறன். ஆகவே 2.46 கோடி கேட்கும் இரண்டாமவர் ஒரு கிலோவாட் பீக்குக்கு 41,000 ரூபாய் கேட்கிறார், 2 கோடி கேட்கும் முதலாமவர் 40,000 கேட்கிறார். 46 லட்சம் என்று தெரிந்த இடைவெளி, அளவைச் சமப்படுத்தியதும் கிலோவாட்டுக்கு ஆயிரம் ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது.

ஸ்லைடுகளில் இருப்பதை எக்செல்லில் பக்கத்துப் பக்கமாக எழுதி மதிப்பெண் போட்டால் போதாதா?

போதாது. அப்படிச் செய்தால் யார் நன்றாக ஸ்லைடு செய்தார்கள் என்பதற்குத்தான் மதிப்பெண் விழும். முதலில் ஒரு தனித் தாள் போடுங்கள். இடது ஓரத்தில் நீங்கள் தீர்மானித்த பொது அளவு: கிலோவாட் பீக், ஒரு கிலோவாட் பீக்குக்கு ஆண்டு யூனிட், 25-ஆம் ஆண்டில் மிஞ்சும் திறன் என்று. ஒவ்வொரு சப்ளையருக்கும் மூன்று கட்டங்கள் விடுங்கள்: அவர் எழுதிய சொற்கள் அப்படியே, எந்த ஸ்லைடில் எழுதினார், அதைப் பொது அளவுக்கு மாற்றினால் வரும் எண்.

மதிப்பெண் அட்டவணை இந்தத் தாளின் கடைசிக் கட்டத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ஸ்லைடு எண்ணைக் குறித்து வைப்பது வீண் வேலை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து, ‘நாங்கள் அப்படிச் சொல்லவில்லையே’ என்ற பேச்சு வரும்போது அந்த ஒரு கட்டம்தான் கை கொடுக்கும்.

ஒருவர் சி.யு.எஃப். 22.1 சதவீதம் என்கிறார், ஒருவர் ஆண்டுக்கு 8,70,000 யூனிட் என்கிறார், ஒருவர் கிலோவாட்டுக்குத் தினம் 4.2 யூனிட் என்கிறார். இவற்றை எப்படி ஒப்பிடுவது?

மூன்றையும் ஒரு கிலோவாட் பீக்குக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று மாற்றிவிடுங்கள். இரண்டாமவருடையது எளிது: 8,70,000-ஐ 600-ஆல் வகுத்தால் 1,450. மூன்றாமவருக்கு 4.2-ஐ 365-ஆல் பெருக்கினால் 1,533.

முதலாமவர் சொல்லும் சி.யு.எஃப். என்பது, ஆண்டின் 8,760 மணி நேரமும் நிலையம் முழுத்திறனில் ஓடினால் கிடைக்கக்கூடியதில் எத்தனை சதவீதம் உண்மையில் கிடைக்கிறது என்ற விகிதம். முழுத்திறன் என்பது பேனலா, இன்வெர்ட்டரா என்று ஸ்லைடில் இருக்காது. இரண்டையும் போட்டுப் பாருங்கள். 500 கிலோவாட் பேனலின் மேல் 22.1 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 9,67,980 யூனிட், அதாவது கிலோவாட் பீக்குக்கு 1,936. நம் உதாரண இடத்தில் ஒரு சதுர மீட்டரில் ஆண்டு முழுவதும் விழும் சூரிய ஆற்றலே 1,900 யூனிட் என்று வைத்திருக்கிறோம். ஒரு கிலோவாட் பீக் என்பது சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் வெயில் விழும்போது பேனல் தரும் திறன். ஆகவே இழப்பே இல்லாவிட்டாலும் கிலோவாட் பீக்குக்கு 1,900 யூனிட்டைத் தாண்ட முடியாது. ஆகவே அவர் இன்வெர்ட்டர் திறனைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறார். 400 கிலோவாட்டின் மேல் 22.1 சதவீதம் என்றால் 7,74,384 யூனிட்; கிலோவாட் பீக்குக்குச் சுமார் 1,550.

இப்போது 1,550, 1,450, 1,533 என்று மூன்று எண்கள் ஒரே அளவில் நிற்கின்றன. ஸ்லைடில் 22 சதவீதத்தைப் பார்த்து முதலாமவரின் பேனல் உயர்ந்தது என்று நினைத்த குழுவுக்கு, அது வகுக்கும் எண் சிறியதாக இருந்ததால் வந்த பெருமை என்பது இங்கே தெரிந்துவிடும்.

செயல்திறன் விகிதம் 82 சதவீதம் என்று ஒருவர் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். அதற்குக் கூடுதல் மதிப்பெண் தரலாமா?

அவர் சொன்னதற்காகத் தர வேண்டாம். முந்தைய பதிலில் வந்த யூனிட் எண்ணை, சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றலால் வகுத்தால் வருவதுதான் செயல்திறன் விகிதம். எல்லோருக்கும் 1,900 என்ற ஒரே அடிப்படையை வைத்தால் முதலாமவருக்கு 81.6 சதவீதம், இரண்டாமவருக்கு 76.3, மூன்றாமவருக்கு 80.7 வருகிறது. 82 என்று எழுதிய மூன்றாமவருக்கு ஏன் 80.7? அவருடைய 1,533-ஐ 0.82-ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 1,870 வரும். அவர் வேறொரு வானிலைத் தரவை எடுத்திருக்கிறார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பிவிசிஸ்ட் போன்ற மென்பொருளில் எந்தத் தரவைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்ப இது மாறும். அதனால்தான் மூவருக்கும் ஒரே வானிலைத் தரவைக் கொடுத்து, அதை வைத்து அறிக்கை தரச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, தகரக் கூரையின் வெப்பம். பேனலின் திறன் 25 டிகிரி செல் வெப்பத்தில் அளக்கப்படுவது. கூரையை ஒட்டிப் படுத்த பேனல் நண்பகலில் 60 டிகிரியைத் தொடும். மோனோ பெர்க் வகையில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும். 35 டிகிரி கூடினால் அந்த நேரத்தில் 12 சதவீதம் போய்விடும். டாப்கான் வகையில் டிகிரிக்கு ஏறக்குறைய 0.30 என்பதால் 10.5 சதவீதம். தூசு, கம்பி இழப்பு, இன்வெர்ட்டர் இழப்பு எல்லாம் இதற்கு மேல். அதனால் தகரக் கூரையில் 80-க்கு மேல் சொல்பவரிடம் இழப்புப் பட்டியலைக் கேளுங்கள். பிவிசிஸ்ட் அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் அது படமாகவே இருக்கும். தூசு இழப்பை 1 சதவீதம் என்று போட்டிருந்தால், பஞ்சுத் தூசு பறக்கும் ஊரில் அது எப்படி என்று கேட்க வேண்டியதுதான்.

‘டியர் 1 பேனல்’ என்று மூவருமே சொல்கிறார்கள். இதற்கு எத்தனை மதிப்பெண்?

பூஜ்யம். அந்தச் சொல் புளூம்பெர்க் என்.இ.எஃப். என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் வெளியிடும் பட்டியலிலிருந்து வருகிறது. எந்த நிறுவனத்தின் பேனலை வைத்த திட்டங்களுக்கு வங்கிகள் கடன் கொடுத்திருக்கின்றன என்பதை வைத்துப் போடப்படும் பட்டியல் அது. பேனலின் தரத்தைச் சோதித்துத் தரும் சான்று அல்ல. பட்டியலை வெளியிடுபவர்களே அதைத் தரத்துக்கான அளவாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள்.

மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் அங்கீகரிக்கப்பட்ட மாடல் பட்டியல், அதாவது ஏ.எல்.எம்.எம்., வேறு விஷயம். அதில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, உங்களுக்குத் தரப்போகும் மாடல் எண்ணும் இருக்க வேண்டும். உங்கள் இணைப்புக்கு அது கட்டாயமா என்பதை மின்வாரியத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்டாயமென்றால் அது மதிப்பெண் வரிசையில் வரக்கூடாது. உண்டு, இல்லை என்ற வாசல் கேள்வியாக வர வேண்டும். இல்லை என்றால் மற்ற வரிசைகளில் எவ்வளவு எடுத்தாலும் அவர் உள்ளே வர முடியாது.

ஒருவர் 25 வருட வாரண்டி, இன்னொருவர் 30 வருடம். 30 தானே சிறந்தது?

இரண்டு வாரண்டிகள் கலந்திருக்கின்றன. பேனல் உடைந்தாலோ, கண்ணாடிக்குள் ஈரம் புகுந்தாலோ மாற்றித் தருவது பொருள் வாரண்டி. அது பெரும்பாலும் 12 அல்லது 15 வருடம்தான். 25, 30 என்று ஸ்லைடில் வருவது, திறன் இந்த அளவுக்குக் கீழே குறையாது என்ற வாக்குறுதி. இரண்டுக்கும் தனி வரிசை போடுங்கள்.

திறன் வாரண்டியை ஒரே ஆண்டில் நிறுத்தி ஒப்பிடலாம். முதல் வருடம் 2 சதவீதம், பிறகு ஆண்டுக்கு 0.55 குறையும் என்ற மோனோ பெர்க் பேனல் 25-ஆம் ஆண்டின் முடிவில் 84.8 சதவீதத்தில் நிற்கும். முதல் வருடம் 1, பிறகு 0.4 என்ற டாப்கான் பேனல் அதே ஆண்டில் 89.4-இல் நிற்கும். வாரண்டியைத் தருவது பேனல் தயாரிப்பாளர் என்பதையும், கழற்றும் கூலி, ஏற்றி இறக்கும் செலவு அதில் பெரும்பாலும் சேராது என்பதையும் குறிப்புக் கட்டத்தில் எழுதிவையுங்கள். இன்வெர்ட்டரின் வாரண்டியை மறந்துவிடாதீர்கள். அது பல நேரங்களில் 5 வருடம் மட்டுமே. நீட்டிக்கத் தனிப் பணம்.

உற்பத்திக்கு உத்தரவாதம் தருகிறோம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள், ஆனால் வெவ்வேறு மாதிரி. எது நமக்குப் பாதுகாப்பு?

அட்டவணையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய வரிசை இதுதான். இரண்டாமவர் சொன்ன 8,70,000 யூனிட்டில் 90 சதவீதத்துக்கு உத்தரவாதம் தருகிறார். அதாவது 7,83,000, கிலோவாட் பீக்குக்கு 1,305. மழை மேகம் அதிகமான வருடமாக இருந்தாலும் அவர் இந்த எண்ணுக்குப் பொறுப்பு. மூன்றாமவர் செயல்திறன் விகிதம் 75 சதவீதத்துக்கு உத்தரவாதம் தருகிறார். நம் பொது அடிப்படையான 1,900-இல் அது 1,425 யூனிட். ஆனால் வெயில் குறைந்த வருடத்தில் உத்தரவாத யூனிட்டும் சேர்ந்து குறையும். வானிலையின் நஷ்டம் உங்களுடையது.

எண்ணை மட்டும் பார்த்தால் மூன்றாமவர் முன்னால் நிற்கிறார், வானிலைப் பொறுப்பைப் பார்த்தால் இரண்டாமவர். இழப்பீட்டுப் பிரிவைப் படித்தால்தான் இது தீரும். இரண்டாமவரின் இழப்பீடு அந்த வருடப் பராமரிப்புக் கட்டணத்தைத் தாண்டாது என்று சிறிய எழுத்தில் இருக்கிறது; நஷ்டம் எவ்வளவானாலும் கிடைப்பது அவ்வளவுதான். மூன்றாமவர் குறைந்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் மின்கட்டண விலையில், ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் வரை தருகிறார். ஆகவே ஐந்துக்கு நான் மூன்றாமவருக்கு 4, இரண்டாமவருக்கு 3 தருவேன். உத்தரவாதமே தராத முதலாமவருக்கு 1.

மூன்றாமவருக்கு 5 தராததற்கும் காரணம் உண்டு. அவருடைய கணக்கு கூரையில் வைக்கும் கதிர்வீச்சு அளவியை நம்பியிருக்கிறது. அதன் கண்ணாடியில் தூசு படிந்தால் வெயில் குறைவாகப் பதிவாகும். விழுந்த வெயில் குறைவு என்றாகிவிட்டால், கிடைத்த யூனிட்டின் விகிதம் தானாகவே உயர்ந்து தெரியும். பேனல் மோசமாக ஓடினாலும் கணக்கில் தேறிவிடும். அளவியை யார் துடைப்பார்கள், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை அளவுதிருத்தம் செய்வார்கள் என்று எழுதிக் கொடுத்தால் அந்த 4, 5 ஆகலாம்.

மூன்று வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்ற ஸ்லைடை அட்டவணையில் எங்கே வைப்பது?

எங்கும் வைக்க வேண்டாம். அது சப்ளையரின் தகுதியைச் சொல்வதல்ல, அவர் வைத்த ஊகங்களின் விளைவு. முதலாமவர் 7,74,384 யூனிட்டை 8.50 ரூபாயால் பெருக்கி, ஆண்டுச் சேமிப்பு சுமார் 65.8 லட்சம் என்கிறார். 2 கோடிக்கு மூன்று வருடம். அந்த 8.50 எங்கிருந்து வந்தது? மொத்த மின்கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்திருக்கிறார். அதில் கேட்புக் கட்டணமும் சேர்ந்திருக்கிறது. சோலார் போட்டாலும் மாலையில் மெஷின் ஓடும்வரை கேட்புக் கட்டணம் பெரிதாகக் குறையாது.

யூனிட் கட்டணம் மட்டும் 7.50 என்றும், உற்பத்தி கிலோவாட்டுக்கு 1,450 என்றும் வைத்தால் ஆண்டுச் சேமிப்பு 54.4 லட்சம், பணம் திரும்ப மூன்றே முக்கால் வருடத்துக்குச் சற்றுக் குறைவு. உங்களுக்குப் பொருந்தும் நெட்வொர்க் கட்டணம் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கை மூவருக்கும் ஒரே ஊகங்களோடு நீங்களே போடுங்கள்.

விலையில் யார் எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்றே புரியவில்லை. எப்படிச் சமப்படுத்துவது?

ஒரு வேலைப் பட்டியலை நீங்கள் எழுதி, ஒவ்வொன்றும் விலைக்குள் இருக்கிறதா என்று மூவரிடமும் எழுத்தில் கேளுங்கள். கூரையில் நடக்கும் பாதை, கழுவத் தண்ணீர்க் குழாய், இடிதாங்கி, மின் ஆய்வுத் துறை அனுமதி, மீட்டர் மாற்றம், முதல் வருடப் பராமரிப்பு, ஜிஎஸ்டி ஆகியவைதான் அடிக்கடி விட்டுப்போகும். இல்லை என்று சொன்னவற்றுக்கு உங்கள் மதிப்பீட்டு விலையைச் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாமவர் 2.05 கோடி என்றார். நடைபாதை, தண்ணீர்க் குழாய், அனுமதிச் செலவு மூன்றும் வெளியே. அவற்றுக்கு 9 லட்சம் சேர்த்தால் 2.14 கோடி, கிலோவாட் பீக்குக்கு 42,800. முதலாமவருக்கு 40,000, இரண்டாமவருக்கு 41,000. அட்டவணைக்குப் போகும் விலை இந்த மூன்றும்தான்.

எத்தனை அளவுகோல் வைக்க வேண்டும்? யார் எடை போடுவது?

ஐந்து போதும். இந்தத் தொழிற்சாலைக்கு நான் வைப்பது: விலை 30, உற்பத்தி உத்தரவாதம் 30, கூரைக் கட்டமைப்பு 15, பராமரிப்பு 15, இதே மாதிரிக் கூரையில் செய்த அனுபவம் 10. இருபது வரிசை வைத்தால் ஒவ்வொன்றின் எடையும் கரைந்து, எல்லோரும் 70-க்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். பேனல் வகை, வெப்பக் குணகம் எல்லாம் ஏற்கெனவே யூனிட் எண்ணுக்குள் வந்துவிட்டன. அவற்றுக்குத் தனி வரிசை போட்டால் ஒரே நன்மையை இரண்டு முறை எண்ணியதாகும்.

எடையை ஸ்லைடுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி, முடிவெடுப்பவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுத் தேதி போட்டுவிடுங்கள். பிடித்த சப்ளையர் யார் என்று தெரிந்த பிறகு போடும் எடை, அவரை ஜெயிக்க வைக்கும் எடையாகவே அமைந்துவிடுகிறது. முதலாளிக்குத் தெரிந்தவர் போட்டியில் இருந்தால் இது இன்னும் அவசியம்.

ஒன்று முதல் ஐந்து வரை என்றால் 3-க்கும் 4-க்கும் என்ன வேறுபாடு? ஆளுக்கொரு மாதிரி போடுகிறார்களே.

ஆதாரத்தின் அளவை வைத்துப் போடச் சொல்லுங்கள். ஸ்லைடில் மட்டும் சொன்னதற்கு அதிகபட்சம் 2. டேட்டாஷீட், சோதனை அறிக்கை, நீங்கள் நேரில் போய்ப் பார்த்த பழைய நிலையம் போன்ற ஆதாரம் இருந்தால் அதிகபட்சம் 3. ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சம்மதித்தால் 4 வரை போகலாம். மீறினால் உண்மையிலேயே வலிக்கும் இழப்பீடும், அளக்கும் முறையும் தெளிவாக இருந்தால் 5. இந்த உச்சவரம்பு வந்ததும் கவர்ச்சியான வாக்கியங்கள் தாமாகவே 2-இல் நின்றுவிடும்.

குறைந்தது இருவர் தனித்தனியாகப் போடட்டும். 2 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வரும் கட்டங்களை மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். சராசரி எடுத்து மூடிவிடாதீர்கள். அந்தக் கட்டத்தில் ஒருவர் பார்த்த தாளை மற்றவர் பார்த்திருக்க மாட்டார்.

ஸ்லைடில் ஒரு விஷயமே இல்லையென்றால் பூஜ்யமா?

உடனே வேண்டாம். ‘சொல்லவில்லை’ என்று எழுதி, எல்லோருக்கும் ஒரே கேள்விக் கடிதத்தை ஒரே கெடு தேதியோடு அனுப்புங்கள். கெடுவுக்குப் பிறகும் காலியாக இருந்தால் பூஜ்யம். ஒருவரிடம் மட்டும் போனில் கேட்டு நிரப்புவது மற்ற இருவருக்கும் செய்யும் அநியாயம்.

விலைக்கு எந்தச் சூத்திரத்தில் மதிப்பெண் போடுவது?

இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மிகக் குறைந்த விலையை அவரவர் விலையால் வகுப்பது முதல் வழி. தரத்தையும் விலையையும் சேர்த்துப் பார்க்கும் அரசு டெண்டர்களில் வருவதும் இதுதான்:

```
=30*MIN($C$2:$E$2)/C2
```

மிகக் குறைந்தவருக்கு முழு மதிப்பெண், மிக அதிகமானவருக்குப் பூஜ்யம், நடுவில் இருப்பவருக்கு விகிதப்படி என்பது இரண்டாவது வழி:

```
=30*(MAX($C$2:$E$2)-C2)/(MAX($C$2:$E$2)-MIN($C$2:$E$2))
```

மற்ற நான்கு வரிசைகளில், ஐந்துக்குப் போட்ட மதிப்பெண்ணை 5-ஆல் வகுத்து அந்த வரிசையின் எடையால் பெருக்கிக் கூட்டினால், 70-க்கு முதலாமவர் 29, இரண்டாமவர் 47, மூன்றாமவர் 51 எடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். முதல் வழியில் விலை மதிப்பெண் 30, 29.3, 28.0, மொத்தம் 59, 76.3, 79.0. மூன்றாமவர் முதலிடம். இரண்டாவது வழியில் விலை மதிப்பெண் 30, 19.3, 0, மொத்தம் 59, 66.3, 51. அதே மூன்றாமவர் கடைசி இடம். 40,000-க்கும் 42,800-க்கும் இடையே 7 சதவீத வித்தியாசம்தான். இரண்டாவது வழி அதை 30 மதிப்பெண்ணாக ஊதிவிட்டது. நான் முதல் வழியைத்தான் பயன்படுத்துகிறேன்.

நான்காவதாக ஒருவர் கடைசி நேரத்தில் மிக அதிக விலையோடு வந்தார். அவர் ஜெயிக்கப் போவதில்லை. ஆனால் அவரைச் சேர்த்ததும் எங்கள் முதலிடமே மாறிவிட்டது. இது எப்படி?

நீங்கள் இரண்டாவது சூத்திரத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். நம் உதாரணத்தில் கிலோவாட் பீக்குக்கு 60,000 கேட்பவர் ஒருவர் வந்தால், அதிகபட்ச விலை 42,800-இலிருந்து 60,000-க்குப் போய்விடும். உடனே விலை மதிப்பெண் இரண்டாமவருக்கு 28.5, மூன்றாமவருக்கு 25.8 ஆகிறது. மொத்தம் 75.5-க்கு 76.8, கடைசியில் இருந்த மூன்றாமவர் முதலிடத்துக்கு வந்துவிட்டார். இவர்கள் இருவரின் விலையோ தரமோ ஒரு துளியும் மாறவில்லை.

இதை வேண்டுமென்றே செய்யவும் முடியும்: ஒரு சப்ளையர் தனக்குத் தெரிந்த இன்னொருவரை அதிக விலையில் கொட்டேஷன் கொடுக்கச் சொன்னால் போதும். முதல் சூத்திரத்தில் அதிக விலைக்காரர் வந்தாலும் மற்றவர்களின் மதிப்பெண் அசையாது. மிகக் குறைந்த விலையில் ஒருவர் நுழைந்தால் அதிலும் அசைவு உண்டு. அதனால் வாசல் கேள்விகளில் தேறாதவர்களை விலைக் கணக்குக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

79-க்கும் 76.3-க்கும் 2.7 தானே வித்தியாசம். இதை வைத்து முடிவெடுக்கலாமா?

எடைகளைக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள். உத்தரவாதத்தின் எடையை 30-இலிருந்து 20-ஆகக் குறைத்து, பராமரிப்பை 15-இலிருந்து 25-ஆக ஏற்றினால், பராமரிப்பில் 4 வாங்கிய இரண்டாமவர் 78.3, அதில் 3 வாங்கிய மூன்றாமவர் 77.0. வரிசை மாறிவிட்டது. ஆக முடிவு இந்த இரண்டு வரிசைகளின் கையில் இருக்கிறது. கட்டமைப்பையோ அனுபவத்தையோ பற்றி மேலும் விவாதிப்பதில் பயன் குறைவு.

அந்த இரண்டு வரிசைகளின் மதிப்பெண்களை உறுதிப்படுத்தக் கிளம்புங்கள். இருவரும் மூன்று வருடத்துக்கு முன் போட்ட தகரக் கூரை நிலையம் ஒன்றைக் காட்டச் சொல்லி, அங்கே இன்வெர்ட்டர் திரையில் இருக்கும் மொத்த யூனிட்டைப் படம் எடுங்கள். அதை நிறுவிய நாளிலிருந்து கழிந்த வருடங்களாலும் கிலோவாட் பீக்காலும் வகுத்தால், ஸ்லைடு சொன்ன 1,450-உம் 1,533-உம் அந்தக் கூரையில் என்ன ஆயின என்று தெரியும். பேனல்களின் கீழ் ஓரத்தில் தூசுப் பட்டை படிந்து காய்ந்திருந்தால் பராமரிப்பு மதிப்பெண்ணைத் திருத்துங்கள். திருத்திய பிறகும் வித்தியாசம் 2, 3 தான் என்றால் இருவரும் சமம் என்று எழுதிவிட்டு, ஒப்பந்த வாசகத்தில் யார் அதிகம் இறங்கி வருகிறார்களோ அவரிடம் போகலாம்.

தேர்வு முடிந்தது. இந்த அட்டவணையை இனி என்ன செய்வது?

முதல் தாளில் ‘பொது அளவுக்கு மாற்றிய எண்’ என்ற கட்டத்தில் தேர்ந்தவருக்கு எழுதியதையெல்லாம் ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து, அவருடைய கையெழுத்து வாங்குங்கள்: 500 கிலோவாட் பீக் டிசி, மாடல் எண், 75 சதவீதச் செயல்திறன் விகிதம், அளவி துடைக்கும் பொறுப்பு, 9 லட்சத்தில் அடங்கும் வேலைகளை யார் செய்வது என்பது வரை. ‘அதற்குச் சமமான பேனல்’ என்ற சொற்றொடர் ஒப்பந்தத்தில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள், அல்லது சமம் என்பதைத் தீர்மானிப்பவர் நீங்கள் என்று எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட மறுக்கும் வரி எதுவோ, அதற்குக் கொடுத்த மதிப்பெண்ணை 2-க்கு இறக்கி மொத்தத்தை மீண்டும் கூட்டிப் பாருங்கள். அடுத்த இடத்தில் இருப்பவரின் விலை இன்னும் செல்லுபடியாகும் தேதிக்குள் இதைச் செய்துவிட வேண்டும்.